பாதி விலை சிக்கனும் மைனஸ் பதினான்கும்

போன ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சமைத்த சிக்கன், கடையில் அதன் கடைசி நாளன்று பாதி விலைக்கு வாங்கியது. உள்ளே போட்டு 24 நாள் ஆகியிருந்தது. அத்தை சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே எங்கள் வீட்டில் அது நல்ல மார்க். இந்த இடத்துக்கு வர எனக்கு இரண்டு மாதமும் குப்பைக்குப் போன ஒரு கிலோ சிக்கனும் ஆனது.

நாங்கள் இருப்பது பெங்களூரு முருகேஷ்பாளையாவில். ஆபீஸிலிருந்து வரும் வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு மேல் சில்லர் அலமாரியில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள். அன்றோடு தேதி முடிகிற சிக்கன், பனீர், பிரெட் எல்லாம் பாதி விலை. "அக்கா, இன்னிக்கே எடுத்துட்டா பாதி ரேட்டு, நாளைக்கு இருக்காது" என்பான் அங்கே வேலை பார்க்கும் பையன். சரி, வீட்டில் ஃப்ரீசர் சும்மாதானே கிடக்கிறது என்று ஆரம்பித்தேன்.

முதல் முறை அரைக் கிலோ டிரே இரண்டு, போன்லெஸ். ஒன்று 82 ரூபாய், ஆக 164. டிராஃபிக்கில் 50 நிமிடம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் இரண்டு டிரேயையும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டேன். காலையில் விரலால் தட்டிப் பார்த்தபோது கல் மாதிரி இருந்தது. ஒன்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாலையில் குழம்பு வைக்கலாம் என்று காலை எட்டு மணிக்கு எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். ஆறரைக்குத் திரும்பியபோது டிரேயின் அடியில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது, லேசாகப் புளித்த வாடை. நடுவில் இருந்த துண்டுகளில் மட்டும் இன்னும் குளிர் மிச்சமிருந்தது. அத்தை ஆம்பூரிலிருந்து வந்திருந்த வாரம் அது. கவரைக் கட்டிக் குப்பையில் போடும்போது, "ஏம்மா, பழசை ஐஸ்ல வச்சா புதுசாயிடுமா?" என்றார்.

கேள்வி சரியானதுதான். உறைய வைத்தால் கிருமி சாவதில்லை, தூங்குகிறது. கடையில் கடைசி நாள் வரை எவ்வளவு பெருகியிருந்ததோ அவ்வளவும் அப்படியே இருக்கும். வெளியே எடுத்துச் சூடு ஏறினதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால் கடைசி நாள் சரக்கில் மிச்சம் இருக்கும் அவகாசமே கொஞ்சம்தான். அதை டிராஃபிக்கில் 50 நிமிடம், மேடையில் பத்தரை மணி நேரம் என்று நான் தின்று தீர்த்திருந்தேன். அன்று வாடை வந்ததால் தப்பித்தோம். வாடை வராமலும் இருந்திருக்கலாம். சால்மொனெல்லா போன்ற நோய் தரும் கிருமிகள் இருக்கிறதா என்பதை மூக்கு சொல்லாது. மூக்கு கண்டுபிடிப்பது கெட்டுப்போனதைத்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மோந்து பார்த்து முடிவெடுப்பதை நிறுத்தினேன். தெர்மாமீட்டர் வாங்கினேன்.

எஸ்.பி. ரோட்டில் 180 ரூபாய்க்குக் கிடைத்தது. சின்ன டிஜிட்டல் பெட்டி, நீளமான ஒயர், நுனியில் சென்சார். ஒயரை ஃப்ரீசருக்குள் விட்டுக் கதவை மூடினால், டிஸ்ப்ளே வெளியே தொங்கும். கதவு ரப்பர் மெல்லிய ஒயருக்கு மேல் நன்றாகவே மூடிக்கொள்கிறது. வாங்கியதும் ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸையும் கொஞ்சம் தண்ணீரையும் கலந்து சென்சாரை அதில் அமுக்கிப் பார்த்தேன். சுழியம் காட்ட வேண்டும். என்னுடையது 0.8 காட்டியது. ஆக, எது காட்டினாலும் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகக் கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்களுடையது 190 லிட்டர் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே ஒரு சின்ன ஃப்ரீசர் பெட்டி, அவ்வளவுதான். அதில் நான்கு ஸ்டார் ஒட்டியிருப்பதைப் பார்த்து, நன்றாக உறைய வைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஸ்டார் மின்சாரச் சிக்கனத்துக்கானது. எவ்வளவு குளிரும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உறைந்த உணவுக்கு உலகம் முழுக்கச் சொல்வது மைனஸ் 18. எங்கள் வீட்டில் குமிழ் எப்போதும் போல 3-இல் இருந்தபோது, இரவு முழுக்க விட்டுப் பார்த்தால் மைனஸ் 9. அதாவது முதல் கோழி உறங்கியதே அரைத் தூக்கம்தான்.

குமிழை 7-க்குத் திருப்பினேன். மறுநாள் காலை பின்பக்கம் மைனஸ் 12, கதவோரம் மைனஸ் 10. இன்னும் இறங்கவில்லை. சுவரில் ஒரு விரல் கனத்துக்குப் பனி படிந்திருந்தது. குமிழின் நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பட்டனை அமுக்கி, எல்லாவற்றையும் காலி செய்து, பனியை உருகவிட்டுத் துடைத்து மறுபடி ஓடவிட்டேன். கத்தியால் சுரண்டக் கூடாது. குழாய் ஓட்டையானால் கேஸ் போய்விடும் என்று மெக்கானிக் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். பனி போனதும் அதே 7-இல் பின்பக்கம் மைனஸ் 14-லிருந்து 15 வரை வந்தது. அதற்குக் கீழே இந்தப் பெட்டி இறங்காது, எவ்வளவு கெஞ்சினாலும்.

அது போதுமா? மைனஸ் 10-க்குக் கீழே கிருமிகள் பெருகுவது நடைமுறையில் நின்றுவிடும். அந்த வகையில் மைனஸ் 14 பாதுகாப்பானதே. ஆனால் கொழுப்பு காறிப்போவதும் இறைச்சி வறண்டுபோவதும் நிற்பதில்லை, மைனஸ் 18-ஐவிட வேகமாக நடக்கும். பெரிய ஃப்ரீசர் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் வைக்கலாம். நான் எனக்கு வைத்துக்கொண்ட கெடு நான்கு வாரம். குமிழை 7-இல் வைத்ததில் ஒரு பக்க விளைவும் உண்டு. ஃப்ரீசருக்கு நேர் கீழே இருந்த தட்டில் கொத்தமல்லி உறைந்து கறுத்துப்போனது. கீரை வகையறாவை அடித்தட்டுக்கு மாற்றினேன்.

அப்புறம்தான் இரண்டாவது சிக்கன். இந்த முறை அளந்தேன். அரைக் கிலோவைப் பாதியாக்கி, கால் கிலோவை ஜிப் கவரில் போட்டு உள்ளங்கையால் தட்டி 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பினேன், அதிரசத்துக்கு மாவு தட்டுகிற மாதிரி. காற்றை அமுக்கி வெளியேற்றி, முன்கூட்டியே ஃப்ரீசரில் குளிரவைத்த அலுமினியத் தட்டின் மேல் தட்டையாகப் படுக்கவைத்தேன். சென்சாரை நடுத்துண்டுக்குள் செருகியிருந்தேன். பச்சைக் கறி பட்டதுதானே, பிறகு சோப்பு போட்டுக் கழுவினேன். மைனஸ் 10-ஐத் தொட நான்கரை மணி நேரம். மறுவாரம் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அரைக் கிலோ டிரேயைப் பிரிக்காமல் அப்படியே வைத்தேன், கனம் 6 சென்டிமீட்டர் இருக்கும். முதல் மூன்று மணி நேரத்தில் நடுப்பகுதி சுழியத்துக்கு வந்தது. அதன் பிறகு மைனஸ் 1-க்கும் 2-க்கும் நடுவே அடம்பிடித்து நின்றது. நான் தூங்கப்போகும்போதும் அங்கேயே. உள்ளே இருக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஐஸாக மாறும்வரை டிகிரி அவ்வளவாக நகராது. மைனஸ் 10-ஐத் தொட்டது மறுநாள் பகல், 15 மணி நேரம் கழித்து. மேல்பக்கம் தட்டிப் பார்த்தால் கல்லாக இருக்கும், நடுவே இன்னும் முடியாமல் கிடக்கும். முதல் தடவை நான் ஏமாந்தது அப்படித்தான்.

மெதுவாக உறைந்தால் உள்ளே ஐஸ் பெரிய பெரிய ஊசிகளாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். உருகும்போது அந்த ரோஸ் தண்ணீர் வழிவது அதனால்தான். அது ருசிக் கேடு. உடம்புக் கேடு வருவது திரும்ப உருக்கும்போது. கட்டியாக இருந்தால் நடு உருகுவதற்குள் வெளிப்பக்கம் மணிக்கணக்கில் அறைச் சூட்டில் கிடக்கும். 2 சென்டிமீட்டர் தகட்டில் அந்தச் சிக்கலே இல்லை. எவர்சில்வர் டப்பாவில் போட்டு இரவு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்தால் காலைக்குள் உருகிவிடும். டப்பா கட்டாயம், ஒரு தடவை கவரில் ஓட்டை விழுந்து தக்காளி மேல் சொட்டியது. அவசரமென்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் 40 நிமிடம் அமுக்கி வைத்து உடனே அடுப்பில் ஏற்றுவேன். கடைசி நாளன்று உறைந்தது என்பதால், ஃப்ரிட்ஜில் உருகியதை 24 மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும். பச்சையாக மறுபடி உறைய வைப்பது கிடையாது. சமைக்கும்போது பெரிய துண்டின் நடுவில் சென்சாரைக் குத்தி 75 டிகிரி தாண்டியதா என்று பார்க்கிறேன். குழம்பில் எப்போதும் தாண்டும், தவாவில் வறுக்கும்போதுதான் ஒன்றிரண்டு துண்டு ஏமாற்றும்.

எலும்போடு இருக்கும் கறித்துண்டில் இந்தத் தகடு வித்தை அவ்வளவாக எடுபடவில்லை. எலும்பு முனை கவரைக் குத்திவிடுகிறது. மூன்று கவர் வீணான பிறகு போன்லெஸ் இல்லாத நாளில் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

பனீர் வேறு கதை. 200 கிராம் பாக்கெட் 95 ரூபாய், மஞ்சள் ஸ்டிக்கரில் 48. முதல் நாள் கையில் எடுத்ததே லேசாக உப்பியிருந்தது. காற்று உறிஞ்சிய கவர் உப்புகிறதென்றால் உள்ளே ஏதோ வாயு விடுகிறது என்றுதான் அர்த்தம், தேதி என்னவாக இருந்தாலும் வேண்டாம். ஒட்டிப்பிடித்திருந்த இன்னொன்றை எடுத்தேன். சதுரமாக வெட்டித் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு கவருக்கு மாற்றினேன். பத்து நாளில் எடுத்தபோது பாதுகாப்பில் குறையில்லை, ஆனால் பழைய ஸ்பாஞ்ச் மாதிரி நொறுங்கியது. உப்பு போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் கொஞ்சம் மீள்கிறது. பாலக் பனீருக்கு ஒத்துவரவில்லை. உதிர்த்துப் புர்ஜி செய்தால் யாருக்கும் தெரியாது, வீட்டில் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார்கள்.

பிரெட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துண்டுகளாகவே உறையும், உருக்காமல் நேரே டோஸ்டருக்குப் போகும், இந்தப் பட்டியலிலேயே சுலபமானது அதுதான். தயிரை வைக்காதீர்கள், திரிந்து தண்ணீர் தனியாகிவிடும்.

இந்த இடத்தில் தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. 2020-ம் ஆண்டு வந்த உணவு லேபிள் விதிகளின்படி 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' தேதிதான் கட்டாயம், 'பெஸ்ட் பிஃபோர்' கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. பெஸ்ட் பிஃபோர் தாண்டினால் சுவையும் மொறுமொறுப்பும் குறையும். யூஸ் பை தாண்டினால் சாப்பிடவே கூடாது, தாண்டிய பிறகு உறைய வைத்தும் பயனில்லை. சிக்கனுக்கும் பனீருக்கும் நான் பார்ப்பது யூஸ் பை மட்டும். அன்று இரவே தகடாக்கிப் படுக்கவைத்துவிட வேண்டும். 'நாளைக் காலை பார்த்துக்கலாம்' கிடையாது.

ஒரே ஒரு நாள் ஆசை மிஞ்சியது. பங்குடே, நம் ஊர்க் கானாங்கெளுத்தி, கிலோ பாதி விலை, கண் கொஞ்சம் மங்கியிருந்தது. எடுத்த கையோடு வைத்துவிட்டேன். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி மாதிரி மீன்கள் சரியான குளிரில் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். அது கிருமி இல்லை, கிருமி போட்டுவிட்டுப் போன நஞ்சு. உறைய வைத்தாலும் போகாது, குழம்பில் கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிப்பு வரும். வாசனையை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அந்த மீன் படகிலிருந்து இந்த அலமாரி வரை எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வழியில்லை. அதனால் தள்ளுபடி மீன் எங்கள் வீட்டில் இல்லை.

கடையிலும் இப்போது கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. அலமாரியின் வாய்வரை அடுக்கிய டிரேக்களில் மேலே இருப்பதை எடுப்பதில்லை, குளிர் காற்று அதுவரை எட்டாது. அடியில் கைவிட்டுச் சில்லென்று இருப்பதை எடுப்பேன். டிரேயில் தண்ணீர் அதிகம் தேங்கியிருந்தாலோ மூலையில் ஐஸ் துணுக்கு தெரிந்தாலோ, அது ஏற்கெனவே ஒரு தடவை உறைந்து உருகியது என்று சந்தேகப்பட்டு விட்டுவிடுவேன். வீடு வரும்வரை ஒரு தெர்மல் பை, அதற்குள் உறைந்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. முன்பு வீட்டுக்கு வரும்போது சிக்கனின் நடுவில் 9 டிகிரி இருக்கும். இப்போது 4, 5.

மே மாதம் ஒரு பகலில் ஐந்தே கால் மணி நேரம் கரன்ட் இல்லை. அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் விளக்குக்கும் மட்டும்தான். அத்தை போன் செய்து, "கோழி எல்லாம் போச்சா?" என்று கேட்டார். கதவைத் திறக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளியே தொங்கிய டிஸ்ப்ளேயை அவர் மணிக்கொரு தடவை படித்துச் சொன்னார். மைனஸ் 14-இல் தொடங்கியது மைனஸ் 7-இல் நின்றது. காலி இடத்தை அடைத்திருந்த நான்கு தண்ணீர் பாட்டில்கள்தான் காப்பாற்றின. நாங்கள் ஊருக்குப் போகும் நாட்களுக்கு வேறு ஏற்பாடு. சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயம். திரும்பி வரும்போது நாணயம் ஐஸுக்குள் மூழ்கியிருந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் குப்பைக்குத்தான்.

கணக்கு சொல்லிவிடுகிறேன். எட்டு வாரத்தில் சாப்பிட்ட சரக்கில் மிச்சமானது 1,180 ரூபாய். தூக்கிப்போட்ட முதல் சிக்கன் 164. தெர்மாமீட்டர் 180, ஜிப் கவர் 230, தெர்மல் பை 180, ஆக 590. கையில் நின்றது 426 ரூபாய். ஜிப் கவரைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்காதீர்கள். பிரெட் போட்டதைக் கழுவுகிறேன், கோழி போட்டதை எறிகிறேன்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால், தெர்மாமீட்டரைத்தான் முதல் நாளே வாங்குவேன். ஒரு இரவுக்கு அரைக் கிலோவுக்கு மேல் புதிதாக உள்ளே வைக்க மாட்டேன். ஒரு தடவை ஒரு கிலோ வைத்ததில், ஏற்கெனவே உறைந்திருந்த தகடுகள் பக்கம் டிகிரி மைனஸ் 8 வரை ஏறிவிட்டது. அடுத்த முயற்சி, வாங்கிய இரவே வெங்காயம் தக்காளி போட்டு வதக்கிச் சமைத்து, அகலத் தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிட்டு, பிறகு தகடாக உறைய வைப்பது. வேலை அதிகம்தான், ஆனால் பச்சைக் கோழியை உருக்கும் தலைவலி இருக்காது. கவர்களின் மேல் இப்போது அத்தைதான் தேதி எழுதுகிறார். மார்க்கரால், பெரிய எழுத்தில், உள்ளே வைத்த மணியோடு. நேற்றைய கவரில் 'கோழி, ராத்திரி 9.40' என்று இருக்கிறது, அடியில் 'பாதி விலை' என்று தனியாக ஒரு கோடு போட்டு.